எதிர்க்கரையில் நின்று எடுத்த படம்



சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை வேதபாட வகுப்பு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, நம் சபையின் சகோதரர் ஒருவர் மட்டும் வாசலில் தயங்கி நின்றார். கையில் கைபேசி. "ஐயா, சபை வாட்ஸ்அப் குழுவில் ஒன்று போடலாம் என்று எழுதி வைத்திருக்கிறேன். போடுவதற்கு முன்னால் நீங்கள் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். அவரும் அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் மே விடுமுறையில் ஐந்து நாட்கள் சிங்கப்பூர் போய் வந்திருந்தார்கள். அவருடைய தகப்பனார் கொத்தனார். இரண்டு பக்கத்துக் குடும்பங்களிலும் அதுவரை விமானத்தில் ஏறியவர் ஒருவரும் இல்லை. அந்த மகிழ்ச்சியைச் சொல்ல வேண்டும், ஆனால் பெருமையடித்ததாக யாரும் நினைத்துவிடக் கூடாது என்ற கவலை அவர் முகத்தில் இருந்தது. அன்றைக்கு நாங்கள் பேசியதை அவருடைய அனுமதியோடு இங்கே எழுதுகிறேன். நம்மில் பலருக்கு இந்தக் கவலை உண்டு என்பதை நான் அறிவேன்.

அவர் எழுதியிருந்தது ஏறக்குறைய இப்படி: கர்த்தருடைய அளவற்ற கிருபையினால், ஒன்றுக்கும் உதவாத எங்களையும் நினைத்தருளி, சிங்கப்பூர் தேசத்தைக் காணும் பாக்கியத்தைத் தந்தார், எல்லா மகிமையும் அவருக்கே. அதனோடு 28 புகைப்படங்கள். முதல் படம் விமானத்தின் போர்டிங் பாஸ். இரண்டாவது, மூன்று கோபுரங்களின்மேல் கப்பலை ஏற்றி வைத்ததுபோல் நிற்கும் மெரினா பே சாண்ட்ஸ் விடுதிக்கு முன்னால் குடும்பமாக நின்றது. பிறகு கடைவீதி, பைகள், உணவு மேசை, ஜூவல் வளாகத்தின் உள்ளே கொட்டும் அருவி.

படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஏனென்றால் அந்த வாக்கியத்தை நானே எழுதியிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் முதல் வெளிநாட்டுப் பயணமாக இஸ்ரவேல் தேசம் போனபோது, கலிலேயாக் கடற்கரையிலிருந்து நாள்தோறும் படம் அனுப்பினேன். எல்லாவற்றின் கீழும் கிருபை, பாக்கியம், தகுதியற்ற அடியேன் என்ற சொற்கள். திரும்பி வந்த பிறகு நம் சபையின் மூதாட்டி ஒருவர் வெள்ளை மனதோடு, "ஐயா, எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டார். "கர்த்தர் வழிநடத்தினார்மா" என்று சொல்லி நழுவினேன். உண்மை என்னவென்றால் பாதிச் செலவை வளைகுடாவில் இருக்கும் என் மைத்துனர் கொடுத்தார். மீதி என் சேமிப்பு. அதைச் சொல்வதில் எனக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. சொல்லாததனால் அந்த அம்மாள் சபைப் பணமோ என்று நினைத்திருக்கவும் கூடும். ஆண்டவருடைய நாமத்தை நான் அன்று ஒரு திரைச்சீலையாகப் பயன்படுத்தினேன்.

ஆகையால் சகோதரரிடம் முதலில் சொன்னது அந்த முதல் வாக்கியத்தைப் பற்றித்தான். நம் சபைக் குழுவில் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். அவர்களில் மூன்று ஆண்டுகளாகப் போட்டித் தேர்வு எழுதி, ஒவ்வொரு உபவாச ஜெபத்திலும் வேலைக்காகக் கண்ணீர் விடும் ஒரு வாலிபன் இருக்கிறான். கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாமல் மகளை வீட்டில் நிறுத்திய ஒரு தாய் இருக்கிறார். தேவன் எங்களை நினைத்தருளினார் என்பதை அவர்கள் வாசித்தால், அவர்கள் காதில் விழும் மறுபாதி என்ன? உங்களை அவர் நினைக்கவில்லை என்பதே. எழுதியவர் அப்படி நினைக்கவேயில்லை. ஆனாலும் அந்த வாக்கியத்தின் அமைப்பிலேயே அது இருக்கிறது. நான் பணம் சேர்த்தேன், போனேன் என்று ஒருவர் சொன்னால், கேட்பவருக்கு அதிகபட்சம் ஒரு பெருமூச்சு வரும். தேவன் எனக்குக் கொடுத்தார் என்றால், கேட்பவருடைய ஜெபமே கேள்விக்குள்ளாகிறது. முந்தியது பொறாமையைத் தூண்டலாம். பிந்தியது விசுவாசத்தை இடறச் செய்யலாம்.

நன்றி செலுத்துவது வேறு, காரணம் கற்பிப்பது வேறு. ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் பெயரெழுதிப் போடும்போது நாம் தேவனை நோக்கி நிற்கிறோம். குழுவில் எழுதும்போது ஒருவரையொருவர் நோக்கி நிற்கிறோம். அங்கே "தேவனுக்கு ஸ்தோத்திரம்" என்று முடிவில் ஒரு வரி போதும். செலவுக்கு விளக்கமாக அவரை முன்னே நிறுத்த வேண்டியதில்லை.

இதில் இன்னொன்றும் உண்டு. தாழ்மையின் உடை உடுத்திய பெருமை, நேரடிப் பெருமையைவிட மோசமாகவே எடுபடுகிறது. ஓவுல் செசர் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்று இதையே காட்டியது. வெளிப்படையாகத் தன்னைப் புகழ்ந்தவரைக்கூட மக்கள் ஓரளவு சகித்தார்கள். தாழ்மை பேசியோ அலுத்துக்கொண்டோ தன்னைப் புகழ்ந்தவரை அவ்வளவு விரும்பவில்லை, ஏனென்றால் அதில் உண்மையில்லை என்று அவர்களுக்குப் பட்டது. அலுத்துக்கொள்ளும் வகைதான் அதிலும் மோசம். நமக்கு இது புதிதல்ல. "ஐந்து நாளும் நடந்து நடந்து கால் வீங்கிப் போச்சு, நம்ம ஊரே சொர்க்கம்" என்று சிங்கப்பூரிலிருந்து வரும் ஸ்டேட்டஸைப் பார்த்து நாம் மனதுக்குள் என்ன சொல்லிக்கொள்கிறோம் என்பது நமக்கே தெரியும்.

"அப்படியானால் போடாமலே விட்டுவிடட்டுமா ஐயா?" என்றார் சகோதரர். அதுவும் சரியல்ல என்றேன். முன்பு ஒரு குடும்பம் அப்படிச் செய்தது. கண்பட்டுவிடும் என்று ஒருவருக்கும் சொல்லாமல் போய் வந்தார்கள். (திருஷ்டியில் நமக்கு நம்பிக்கையில்லை என்று பிரசங்கத்தில் தலையாட்டுகிறவர்கள்தாம் நாம். வீடு கட்டும்போது பூசணிக்காய் கட்ட மாட்டோம். ஆனால் பாஸ்போர்ட் எடுத்ததை அண்ணன் வீட்டுக்குச் சொல்ல மாட்டோம்.) ஞாயிறு பள்ளியில் அவர்களுடைய சிறு பிள்ளை விமானத்தைப் படம் வரைந்து, "நாங்க இதுல போனோம்" என்றது. அதுவரை அந்த வீட்டுச் சமையலறை வரை போய் உட்கார்ந்து பேசிய பக்கத்து வீட்டுச் சகோதரிக்கு ஏற்பட்ட மனவருத்தம் ஆற வெகுநாள் ஆயிற்று. அவர் பயணத்துக்காகப் பொறாமைப்படவில்லை. தன்னைப் பொறாமைக்காரி என்று அவர்கள் முன்கூட்டியே முடிவு செய்திருந்ததுதான் அவரைப் புண்படுத்தியது.

எனவே படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். போர்டிங் பாஸ் படத்தை உடனே எடுத்துவிடச் சொன்னேன். அது பெருமைக்காக மட்டுமல்ல. அதில் பெயரும், முன்பதிவு எண்ணும், அச்சிட்ட குறியீடும் இருக்கின்றன. பல விமான நிறுவனங்களின் இணையதளத்தில் அந்த எண்ணும் குடும்பப் பெயரும் இருந்தாலே ஒருவருடைய பயணப் பதிவைத் திறந்துவிடலாம். திரும்பி வந்த பிறகு பதிவிடுவது என்ற அவருடைய தீர்மானத்தை மெச்சினேன். பூட்டிய வீடு என்று ஊருக்கு அறிவிக்காதது ஒரு நன்மை. பரவசம் கொஞ்சம் அடங்கிய பிறகு எழுதுவதால் சொற்களும் அடங்கியிருக்கும்.

மெரினா பே சாண்ட்ஸ் படத்தில்தான் சுவையான செய்தி கிடைத்தது. "இங்கேயா தங்கினீர்கள்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "இல்லை ஐயா, எதிர்க்கரையில் மெர்லயன் சிலைக்குப் பக்கத்தில் நின்று எடுத்தது. அங்கே நிற்பதற்குக் காசில்லை. நாங்கள் தங்கினது லிட்டில் இந்தியாவில் ஒரு சின்ன லாட்ஜ்." இதை அவர் எங்குமே எழுதியிருக்கவில்லை. பார்ப்பவர் எல்லோரும் என்னைப் போலவே அந்த விடுதியில் அறையெடுத்ததாகத்தான் நினைத்திருப்பார்கள். அவர் பொய் சொல்லவில்லை. படம் அவருக்காகச் சொல்லியிருக்கும். வெளிநாட்டுப் பயணப் படங்களில் பாதிப் பெருமை இப்படித்தான் உண்டாகிறது. நாம் செலவழிக்காத பணத்தைச் செலவழித்ததாகப் பின்னணி சொல்கிறது, அதைத் திருத்தாமல் நாம் விட்டுவிடுகிறோம். கீழே "எதிர்க்கரையில் நின்று எடுத்தது" என்று ஒரு வரி போட்டால் அந்தப் படம் சாதாரணமாகிவிடும். அதைப் போட மனம் வருகிறதா என்பதை வைத்தே நாம் எதற்காகப் படத்தைத் தேர்ந்தெடுத்தோம் என்று கண்டுபிடித்துவிடலாம்.

இந்த இடத்தில் எனக்கு எசேக்கியா ராஜாவின் நினைவு வந்தது. மரணத்துக்கேதுவான வியாதியிலிருந்து அவர் சுகமான பிறகு பாபிலோனிலிருந்து தூதர்கள் வந்தார்கள். தேசத்தில் நடந்த அற்புதத்தைக் குறித்து விசாரிக்கவே அவர்கள் வந்ததாக நாளாகமப் புத்தகம் சொல்கிறது. ராஜாவோ அவர்களைக் களஞ்சியத்துக்குள் அழைத்துக்கொண்டு போனார். வெள்ளி, பொன், கந்தவர்க்கம், ஆயுதசாலை என்று ஒன்றுவிடாமல் காட்டினார். அவர் காட்டியதில் ஒன்றும் பொய்யில்லை. விருந்தினர் கேட்டது ஒன்று, அவர் காட்டியது வேறொன்று. நம் ஜனங்களும் "போய் வந்தீர்களாமே, என்ன பார்த்தீர்கள்? பிள்ளைகள் என்ன சொன்னார்கள்?" என்றுதான் கேட்கிறார்கள். நாமோ விடுதியையும் கடைப் பையையும் காட்டுகிறோம்.

ஆகவே சகோதரரிடமும் அதையே கேட்டேன்: பிள்ளைகளுக்கு எது பிடித்தது? மகனுக்கு ரயில் பிடித்ததாம். லிட்டில் இந்தியா வழியாகச் செல்லும் ரயிலில் ஓட்டுநர் கிடையாது. முன் பெட்டியின் கண்ணாடி வழியாகச் சுரங்கப்பாதையைப் பார்த்துக்கொண்டே போகலாம். இரண்டு முறை இறங்கித் திரும்பவும் ஏறினானாம். மகளுக்கு, தெருப் பலகைகளிலும் ரயில் நிலையத்திலும் தமிழ் எழுதியிருந்தது வியப்பு. விசாவுக்குக் கொடுத்த புகைப்படம் பின்னணி சரியில்லை என்று திரும்பி வந்து, பயணத்துக்குச் சில நாட்கள் முன்புவரை மனைவிக்குத் தூக்கமில்லை. இந்தச் செய்திகளில் ஒன்றுகூட அவர் எழுதிய பதிவில் இல்லை.

பணத்தைக் குறித்துக் கேட்டேன். அஞ்சலகத்தில் மாதம் 4,000 ரூபாய் வீதம் 60 மாதங்கள் தொடர் வைப்புக் கணக்கில் போட்டிருக்கிறார்கள். முடிவில் வட்டியோடு ஏறத்தாழ 2,78,000 ரூபாய் கிடைத்தது. அந்த ஐந்து ஆண்டுகளும் வீட்டுக்கு வர்ணம் அடிக்கவில்லை. பழைய இருசக்கர வாகனத்தையே ஓட்டினார். "இதை எழுதலாமே?" என்றேன். "காசு விஷயம் எழுதினால் அசிங்கமாக இருக்காதா ஐயா?" என்றார்.

தொகையை எழுத வேண்டாம் என்பதே என் எண்ணமும். தொகையைப் பார்த்தவுடன் வாசிப்பவர் அதைத் தன் கடனோடும் மகளின் கட்டணத்தோடும் ஒப்பிடத் தொடங்கிவிடுவார். அது அவர் குற்றமல்ல. ஆனால் வழியை எழுதலாம். அஞ்சலகத்தில் ஐந்து ஆண்டு சேர்த்துப் போனோம் என்ற ஒரு வரி, எங்கிருந்து வந்தது இந்தப் பணம் என்ற கிசுகிசுவை முளையிலேயே நிறுத்தும். அது ஒருவரையும் கீழே தள்ளுவதும் இல்லை. கேட்பவர் விரும்பினால் நடக்கக்கூடிய பாதையாகவும் இருக்கிறது. நேரில் யாராவது தொகையைக் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள் என்றேன். நான் அந்த மூதாட்டிக்குச் சொல்லத் தவறியதை மனதில் வைத்துக்கொண்டே சொன்னேன். வர்ணம் அடிக்காததையும் பழைய வண்டியையும் மட்டும் எழுத வேண்டாம் என்றேன். தியாகத்தைப் பட்டியலிட்டால் அது இன்னொரு வகைப் பெருமையாகிவிடும். உண்மையாகவே வீட்டுக்கு வர்ணம் அடிக்க முடியாதவர்களும் அதை வாசிப்பார்கள்.

யாருக்குக் காட்டுவது என்பதையும் பேசினோம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் My contacts except… என்றொரு வசதி இருக்கிறது; சிலரை மட்டும் விலக்கிவிட்டு மற்ற எல்லோருக்கும் காட்டலாம். அவர் தம் சித்தப்பா வீட்டாரை அப்படி விலக்கிவிடலாமா என்று யோசித்திருந்தார். இது எனக்கு உடன்பாடில்லை. நம் குடும்பங்களில் ஒரு கைபேசியில் வந்தது மறு கைபேசிக்குப் போக ஒரு மணி நேரம்கூட ஆகாது. விலக்கப்பட்டோம் என்று தெரிய வரும் நாளில் அந்த உறவு முறியும். அதற்குப் பதிலாக Only share with… என்பதில் நெருங்கிய உறவினர் பத்துப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களுக்கு எத்தனை படம் வேண்டுமானாலும் அனுப்புங்கள், சித்தப்பாவையும் அதில் சேருங்கள் என்றேன். தாத்தா பாட்டிக்கு 28 படமும் போதாது. சபைக் குழுவுக்கோ நான்கு படம் போதும்.

இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் நான் நம் பெரியவரை நினைத்தேன். கடைசி வரிசையில் தூணோரம் உட்காருவாரே, அவர்தான். அவருடைய மகன் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறான். ஊர் வந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிறது. நமது திருச்சிராப்பள்ளிப் பகுதியில் எத்தனையோ வீடுகளில் சிங்கப்பூர் என்பது விடுமுறையின் பெயரல்ல. அங்கே ஒரு பிள்ளை இருக்கிறான் என்று அர்த்தம். "அந்தப் பெரியவரும் குழுவில் இருக்கிறார். அவர் இந்தப் படங்களைப் பார்க்கும்போது என்ன தேடுவார் என்று நினைத்தீர்களா?" என்று கேட்டேன்.

சகோதரர் நிமிர்ந்தார். "ஐயா, நாங்கள் அவனைப் பார்த்தோமே! ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிராங்கூன் சாலைக்கு வந்தான். பெரியவர் கொடுத்தனுப்பின முறுக்கையும் ஊறுகாயையும் கொடுத்தோம். ஒரு மெஸ்ஸில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டான். காசு கொடுக்க விடமாட்டேன் என்று அவனே கொடுத்துவிட்டான்."

"படம் எடுக்கவில்லையா?"

"எடுத்தோம் ஐயா. ஆனால் அது அவ்வளவு நன்றாக வரவில்லை. கூட்டம், வெளிச்சம் சரியில்லை. அதனால்தான் 28இல் சேர்க்கவில்லை."

குழுவில் போடுவதை ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு முன் பெரியவர் வீட்டுக்குப் போய் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். பதிவைப் பார்த்து அறிய வேண்டியவர் அல்ல அவர். அவருக்கு வாயால் சொல்ல வேண்டும், படத்தைக் கையில் கொடுத்துக் காட்ட வேண்டும்.

ஞாயிறு மதியம் சபைக் குழுவில் வந்த பதிவு இது: "மே மாதம் நாங்கள் நால்வரும் ஐந்து நாட்கள் சிங்கப்பூர் சென்று வந்தோம். எங்கள் குடும்பத்தில் விமானம் ஏறுவது இதுவே முதல் முறை; எங்களுக்கு மிகுந்த சந்தோஷம். ஐந்து ஆண்டுகள் அஞ்சலகத்தில் சேர்த்துப் போனோம். மகன் ஓட்டுநர் இல்லாத ரயிலைவிட்டு இறங்க மறுத்துவிட்டான். பெரிய கட்டடம் தெரிகிற படம் எதிர்க்கரையில் நின்று எடுத்தது. விசாவுக்குப் புகைப்படம் எடுக்கும்போது பின்னணியைக் கவனியுங்கள், நாங்கள் கவனிக்காமல் மாட்டிக்கொண்டோம். யாருக்காவது விவரம் வேண்டுமானால் கேளுங்கள். தேவனுக்கு ஸ்தோத்திரம்."

நான்கு படங்கள். வழக்கமாக இத்தகைய பதிவுகளுக்குக் கைகூப்பும் சின்னங்கள் வரிசையாக வரும், வேறொன்றும் வராது. இதற்கு மாலைக்குள் பதினான்கு பேர் எழுதியிருந்தார்கள். அஞ்சலகத்தில் அந்தக் கணக்கை எப்படித் தொடங்குவது என்று மூன்று பேர் கேட்டார்கள். ஒரு சகோதரி தன் மகனும் இப்படித்தான் சென்னை மெட்ரோவில் இறங்க மறுத்தான் என்று எழுதினார். வேலைக்குக் காத்திருக்கும் வாலிபன் ஒன்றும் எழுதவில்லை. அவன் எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கவும் நமக்கு உரிமையில்லை.

சனிக்கிழமையே அவர்கள் பெரியவர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். வெளிச்சம் சரியில்லாத அந்தப் படத்தைக் கைபேசியில் காட்டினபோது, அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "கொஞ்சம் பெரிசாக்கு தம்பி" என்றாராம். பெரிதாக்கினார்கள். முகத்தை விட்டுவிட்டு மகனுடைய கையைப் பார்த்தார். பிறகு சாப்பாட்டு இலையைப் பார்த்தார். "மீன் குழம்பா?" என்று கேட்டார்.